பங்கு என்பது ஓர் ஆப்ஷன்: கடன் ஏறிய கம்பெனியில் முதலாளி ஏன் ரிஸ்க் தேடுகிறார்

திவால் நடவடிக்கைக்குப் போன ஒரு கம்பெனியின் பங்கு, சந்தையில் சில ரூபாய்க்கோ சில பைசாவுக்கோ கைமாறிக்கொண்டிருப்பதைப் பார்த்துப் பலர் குழம்புகிறார்கள். சொத்தை எல்லாம் விற்றாலும் கடனில் பாதிகூடத் தேறாது என்று செய்தி வருகிறது. அப்படியானால் பங்கின் விலை பூஜ்யமாகத்தானே இருக்க வேண்டும்? வீட்டுக்கடன் நிறுவனமான டி.எச்.எப்.எல். விவகாரத்தில் 2021இல் பங்குதாரர்களுக்குக் கடைசியில் ஒன்றும் கிடைக்கவில்லை. ஆனாலும் வர்த்தகம் நிறுத்தப்படும் வரை அந்தப் பங்கை விலை கொடுத்து வாங்கியவர்கள் இருந்தார்கள்.

அவர்கள் எல்லோருமே ஏமாளிகள் என்று சொல்லிவிட முடியாது. கடன் உள்ள கம்பெனியின் பங்கு என்பது, கணக்குப்படி பார்த்தால், அந்தக் கம்பெனியின் சொத்துகள் மீதான ஒரு கால் ஆப்ஷன். ஆப்ஷனுக்குக் காலம் மிச்சம் இருக்கும்வரை விலையும் கொஞ்சம் மிச்சம் இருக்கும். இதே பார்வையை இன்னும் இரண்டு படி நகர்த்தினால் வேறொன்றும் விளங்கும். கழுத்து வரை கடன் உள்ள முதலாளி, நிதானமான வேலையை விட்டுவிட்டு வந்தால் மலை என்று இறங்குவது ஏன் என்ற கேள்விக்கும் பதில் கிடைக்கும். ராணிப்பேட்டையில் தோல் பதனிடும் ஒரு டேனரியைக் கற்பனையாக வைத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

## கால் ஆப்ஷன் என்றால் என்ன

காட்பாடியில் ஒரு பிளாட். விலை 20 லட்சம் என்று பேசி, 50 ஆயிரம் அட்வான்ஸ் கொடுத்து, மூன்று மாத அக்ரிமெண்ட் போடுகிறீர்கள். மூன்று மாதத்துக்குள் அந்தப் பக்கம் ரோடு வந்து விலை 26 லட்சம் ஆகிவிட்டால், பேசிய 20 லட்சத்தைக் கொடுத்துப் பத்திரம் முடித்துக்கொள்வீர்கள். விலை 15 லட்சமாக இறங்கினால் அட்வான்ஸ் போனால் போகட்டும் என்று ஒதுங்கிவிடுவீர்கள். வாங்கும் உரிமை உண்டு, வாங்கியே தீர வேண்டிய கட்டாயம் இல்லை. (நிஜ அக்ரிமெண்டில் விற்பவர் வழக்குப் போடலாம். அதை இங்கே விட்டுவிடுவோம்.)

கால் ஆப்ஷன் இதுதான். பேசிய 20 லட்சத்தை ஸ்ட்ரைக் விலை என்பார்கள். மூன்று மாதம் முடியும் நாள் எக்ஸ்பைரி. கொடுத்த 50 ஆயிரம் பிரீமியம். நிப்டி ஆப்ஷனில் நடப்பதும் இதேதான், பிளாட்டுக்குப் பதில் அங்கே குறியீட்டு எண்.

இதில் ஒன்றை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். இறங்கும் பக்கம் நஷ்டத்துக்கு ஓர் அளவு உண்டு, ஏறும் பக்கம் லாபத்துக்கு அளவே இல்லை. அதனால் அடியில் இருக்கும் பொருளின் விலை எவ்வளவு ஆடுகிறதோ, ஆப்ஷன் அவ்வளவு மதிப்புப் பெறும். அசையாமல் 20 லட்சத்திலேயே நிற்கும் பிளாட்டின் மீது அக்ரிமெண்ட் போட்டு என்ன பயன்?

## கம்பெனிக்குள் ஆப்ஷன் எங்கே இருக்கிறது

பிரைவேட் லிமிடெட் கம்பெனி என்பதில் அந்த 'லிமிடெட்' தான் விஷயமே. கம்பெனி வாங்கிய கடனுக்குக் கம்பெனியின் சொத்துதான் பொறுப்பு. பங்குதாரர் தன் பங்குக்கான பணத்தை முழுவதும் கட்டிவிட்டால், அதற்கு மேல் அவர் கையை யாரும் பிடிக்க முடியாது. கம்பெனி மூழ்கினால் போட்ட முதல் போகும், அவ்வளவுதான்.

2016ஆம் ஆண்டின் திவால் சட்டம் பணம் பிரியும் வரிசையை 53ஆம் பிரிவில் சொல்கிறது. நடவடிக்கைச் செலவு முதலில். அடுத்து, அடமானம் வாங்கிக் கடன் கொடுத்தவர்களும் தொழிலாளிகளின் 24 மாதச் சம்பள பாக்கியும் ஒரே வரிசையில். அதன் பிறகு மற்றவர்கள். கடைசிக்குக் கடைசியாகத்தான் சாதாரணப் பங்குதாரர்.

இப்போது கடனைத் திருப்பிக் கட்ட வேண்டிய நாளை நினைத்துக்கொள்ளுங்கள். கம்பெனியின் சொத்து மதிப்பு V, கட்ட வேண்டிய கடன் D என்றால் பங்குதாரர் கையில் மிஞ்சுவது இதுதான்:

```
E = max(V − D, 0)
```

சொத்து கடனைவிடப் பெரிதாக இருந்தால், கடனை அடைத்துவிட்டு மீதியை எடுத்துக்கொள்ளலாம். சிறிதாக இருந்தால், சாவியைப் பேங்க்கிடம் கொடுத்துவிட்டு வெளியேறலாம். பிளாட் அக்ரிமெண்டுக்கும் இதுவே வாய்பாடு. பங்குதாரர் D என்ற விலையைக் கட்டி மொத்தக் கம்பெனியையும் 'வாங்கிக்கொள்ளும்' உரிமையை வைத்திருக்கிறார். கடன் தொகைதான் ஸ்ட்ரைக், கடன் கெடுதான் எக்ஸ்பைரி.

ஆப்ஷனுக்கு விலை கணக்கிடும் புகழ்பெற்ற சூத்திரத்தை பிஷர் பிளாக், மைரன் ஷோல்ஸ் இருவரும் 1973இல் வெளியிட்டபோதே, கம்பெனிகளின் பங்கையும் கடனையும் இப்படிப் பார்க்கலாம் என்று அதே கட்டுரையில் சொன்னார்கள். அடுத்த ஆண்டு ராபர்ட் மெர்ட்டன் அதைக் கடன் பக்கத்திலிருந்து விரிவாக்கினார். ஆப்ஷன் என்றாலே டிரேடிங் ஸ்கிரீன்தான் நினைவுக்கு வருகிறது நமக்கு. ஆனால் ஆரம்பத்திலேயே இந்தக் கணிதத்தின் ஒரு கால் கம்பெனிக் கடனில் ஊன்றியிருந்தது.

பேங்க் பக்கம் நின்று பார்த்தால் இதே படம் தலைகீழ். பேங்க்குக்கு D முழுதாகவும் வரலாம், இருக்கும் V மட்டுமே வரவும் செய்யலாம், இரண்டில் எது குறைவோ அது. கம்பெனி எவ்வளவு கொழித்தாலும் D-க்கு மேல் ஒரு ரூபாய் வராது. விழுந்தால் விழுந்த அளவுக்கு நஷ்டம். அதாவது, 'வேண்டாமென்றால் D விலைக்கு என் தலையில் கட்டிவிடலாம்' என்ற உரிமையை, ஆப்ஷன் பாஷையில் ஒரு புட் ஆப்ஷனை, பேங்க் முதலாளிக்கு விற்றிருக்கிறது. அதற்கான விலையை வட்டியில் சேர்த்து வாங்குகிறது.

## ராணிப்பேட்டை டேனரி: கணக்கு

டேனரி ஒரு பிரைவேட் லிமிடெட் கம்பெனி. மெஷின், கையிருப்புத் தோல், வரவேண்டிய பாக்கி எல்லாம் சேர்த்து இன்றைக்குச் சுமார் 10 கோடி. ஒரு வருடம் கழித்து பேங்க்குக்கு அசலும் வட்டியுமாகக் கட்ட வேண்டியது 9 கோடி. பெயருக்குத்தான் முதலாளி, சொத்தில் பெரும்பகுதி பேங்க் பணம்.

அவர் முன்னால் இரண்டு வழிகள்.

1. ஜாப் ஒர்க். ஆம்பூர் ஷூ கம்பெனிகள் கொடுக்கும் குரோமியத்தில் பதனிட்டு இன்னும் நிறமேற்றாத வெட் ப்ளூ தோலை வாங்கி, பினிஷ் செய்து கொடுத்து, சதுர அடிக்கு இவ்வளவு என்று கூலி வாங்குவது. வருடம் நல்லபடி போனால் கம்பெனியின் மதிப்பு 11 கோடி ஆகும். மந்தமாகப் போனால் 9.5 கோடியில் நிற்கும்.

2. சொந்தச் சரக்கு. கையிலுள்ள பணம் முழுவதையும் போட்டுத் தோல் வாங்கி, அடுத்த சீசனில் ஐரோப்பாவில் இந்த நிறம்தான் ஓடும் என்று ஊகித்து, உறுதியான ஆர்டர் எதுவும் இல்லாமலே பினிஷ் செய்து ஸ்டாக் வைப்பது. ஊகம் பலித்தால் 15 கோடி. பலிக்காவிட்டால் அந்தக் கலர் தோலைத் தள்ளுபடியில்தான் தள்ள வேண்டும், 4 கோடி மிஞ்சும்.

இரண்டிலும் நல்லதுக்கும் கெட்டதுக்கும் சரிபாதி வாய்ப்பு என்று வைத்துக்கொள்வோம்.

முதலில் மொத்தத்தைப் பாருங்கள். ஜாப் ஒர்க்கின் சராசரி 10.25 கோடி. சொந்தச் சரக்கின் சராசரி 9.5 கோடி. கடனே இல்லாத முதலாளி யோசிக்காமல் ஜாப் ஒர்க்கை எடுப்பார். சொந்தச் சரக்கு ரிஸ்க் மட்டுமல்ல, சராசரியிலும் மோசம். இன்றைய 10 கோடியைவிடக் குறைவாகத்தான் அது திருப்பித் தருகிறது.

இப்போது 9 கோடிக் கடனை உள்ளே கொண்டுவாருங்கள்.

ஜாப் ஒர்க்கில் முதலாளிக்கு நல்ல வருடம் 2 கோடி, மந்தமான வருடம் அரைக் கோடி, சராசரி 1.25 கோடி. பேங்க்குக்கு எப்படியும் 9 கோடி.

சொந்தச் சரக்கில் முதலாளிக்குப் பலித்தால் 6 கோடி, பலிக்காவிட்டால் பூஜ்யம், சராசரி 3 கோடி. பேங்க்குக்குப் பலித்தால் 9 கோடி, இல்லாவிட்டால் 4 கோடி, சராசரி 6.5 கோடி.

முதலாளிக்கு 1.75 கோடி கூடுதல். பேங்க்குக்கு 2.5 கோடி நஷ்டம். இரண்டுக்கும் இடையிலுள்ள 75 லட்சம் யாருக்கும் போகவில்லை, அது வீணாய்ப் போனது. ஒரு மோசமான திட்டம், கடன் நடுவில் வந்து நின்றதாலேயே, அதைத் தேர்ந்தெடுக்கும் ஆளுக்கு லாபமான திட்டமாகிவிட்டது.

இதில் களவு எதுவும் இல்லை என்பதையும் கவனிக்க வேண்டும். பேங்க் பணத்தில் மனை வாங்கினார், உறவினர் கணக்குக்கு மாற்றினார் என்றால் அது வேறு கதை, அதற்குத் தனிச் சட்டம் உண்டு. இங்கே பணம் தோலில்தான் போகிறது, தொழிலில்தான் இருக்கிறது. நிறம் மட்டும்தான் ஊகம். மைக்கேல் ஜென்சன், வில்லியம் மெக்லிங் இருவரும் 1976இல் எழுதிய கட்டுரையால் நிதியியலில் பரவலான இந்தப் பிரச்சினை இன்றும் பேசப்படுவதற்கு அதுதான் காரணம். யோக்கியமான ஆளுக்கும் இந்தச் சபலம் வரும்.

## எந்தக் கட்டத்தில் புத்தி மாறுகிறது

கடன் இருந்தாலே எல்லோரும் சூதாட இறங்கிவிடுவார்களா? இல்லை. அதே டேனரிக்குக் கடன் 5 கோடி மட்டும் என்று வைத்துப் பாருங்கள். ஜாப் ஒர்க்கில் முதலாளிக்கு 6 அல்லது 4.5, சராசரி 5.25 கோடி. சொந்தச் சரக்கில் 10 அல்லது பூஜ்யம், சராசரி 5 கோடி. ஜாப் ஒர்க்கே மேல். விழுந்தால் நஷ்டத்தில் பெரும்பகுதி அவர் சொந்தப் பணம் என்பதால் நிதானம் தானாக வருகிறது.

இந்த எண்களை வைத்துச் சமன் செய்தால் 5.5 கோடியில் இரண்டும் ஒன்றாகிவிடும். கடன் அதற்குக் கீழே இருக்கும்வரை முதலாளியும் பேங்க்கும் ஒரே பக்கம். அதைத் தாண்டியதும் அவர்கள் எதிரெதிர்ப் பக்கம். 5.5 என்ற எண் இந்த உதாரணத்துக்கு மட்டுமே உரியது. ஆனால் இப்படி ஒரு கோடு எங்கோ இருக்கும் என்பது பொது.

கோட்டைத் தாண்ட முதலாளி புதிதாகக் கடன் வாங்க வேண்டிய அவசியமும் இல்லை. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு 50 சதவீத வரி போட்டபோது தோல் ஏற்றுமதிக்காரர்களுக்கு வந்தது போன்ற ஓர் அடி போதும். கடன் அப்படியே நிற்கும், சொத்து மதிப்பு இறங்கிவிடும். நேற்றுவரை பொறுப்பாக நடந்தவருக்குத் திடீரென்று கணக்கு மாறிவிடுகிறது. ஆளின் குணம் மாறவில்லை, அவர் கோட்டுக்கு எந்தப் பக்கம் நிற்கிறார் என்பதுதான் மாறியது.

இதற்கு ஒரு மறுபக்கமும் உண்டு. சொத்து 7 கோடிக்கு இறங்கிவிட்டது, கடன் 9 கோடி. இப்போது முதலாளி கையிலிருந்து 1 கோடி போட்டால் நிச்சயமாக 1.5 கோடி தரும் ஒரு நல்ல வேலை வருகிறது. போடுவாரா? போட்டால் சொத்து 8.5 கோடி ஆகும், அது மொத்தமும் பேங்க்குக்கே போய்விடும். அவர் போட்ட 1 கோடியும் சேர்ந்து போகும். அதனால் போட மாட்டார். மூழ்கும் கம்பெனியில் முதலாளி நல்ல செலவைக்கூட நிறுத்திவிடுவதும், அதே ஆள் ஊகத்துக்கு மட்டும் துணிவதும் முரண்பாடாகத் தெரியும். இரண்டும் ஒரே ஆப்ஷனிலிருந்து வருபவைதான்.

## ஆட்டம் கூடினால் எவ்வளவு கைமாறுகிறது

மேலே சொன்னதில் நல்லது, கெட்டது என்று இரண்டே முடிவுகள். நிஜத்தில் மதிப்பு எங்கு வேண்டுமானாலும் போய் நிற்கும். அதற்குத்தான் பிளாக்–ஷோல்ஸ் சூத்திரம். சூத்திரத்தை இங்கே விரிக்கப் போவதில்லை, விடையை மட்டும் பார்ப்போம்.

சொத்து 10 கோடி, ஒரு வருடத்தில் கட்ட வேண்டியது 9 கோடி, ரிஸ்க் இல்லாத வட்டி 7 சதவீதம். சொத்து மதிப்பின் வருட ஏற்ற இறக்கம் 15 சதவீதம் என்றால் பங்கின் மதிப்பு சுமார் 1.69 கோடி, கடனின் இன்றைய மதிப்பு 8.31 கோடி. ஏற்ற இறக்கம் 40 சதவீதமானால் பங்கு 2.40 கோடி, கடன் 7.60 கோடி.

கம்பெனியின் மொத்த மதிப்பு இரண்டிலும் அதே 10 கோடிதான். ஒரு ரூபாய்கூடப் புதிதாகச் சம்பாதிக்கவில்லை. ஆட்டத்தைக் கூட்டியதால் மட்டுமே 71 லட்சம் பேங்க் பையிலிருந்து முதலாளி பைக்கு நகர்ந்துவிட்டது. வட்டியாகச் சொன்னால், முதல் நிலையில் இந்தக் கடனுக்கு நியாயமான வட்டி 8.3 சதவீதம் அளவுதான். இரண்டாம் நிலையில் 18 சதவீதத்துக்கும் மேலே வாங்கியிருக்க வேண்டும். பேங்க் முதல் வட்டிக்குக் கையெழுத்துப் போட்டது, முதலாளி இரண்டாவது தொழிலை நடத்துகிறார்.

திவால் கம்பெனிப் பங்குக்கு ஏன் விலை இருக்கிறது என்பதற்கும் பதில் இதிலேயே இருக்கிறது. சொத்து கடனைவிடக் குறைந்துவிட்டாலும், எக்ஸ்பைரிக்குள் அது மேலேறும் வாய்ப்பு சிறிதளவு இருந்தால் ஆப்ஷனுக்கு விலை உண்டு. தீர்வுத் திட்டம் ஒப்புதலாகிப் பங்குகள் ரத்தாகும் நாள்தான் எக்ஸ்பைரி. அதற்கு முந்தைய நாள் 'ரொம்ப மலிவு' என்று வாங்குபவர், எக்ஸ்பைரி நாளில் எட்டாத ஸ்ட்ரைக்கில் ஆப்ஷன் வாங்குபவருக்குச் சமம்.

## வட்டியைக் கூட்டினால் சரியாகிவிடுமா

ரிஸ்க் அதிகமா, வட்டியைக் கூட்டு என்பதுதான் முதலில் தோன்றும் மருந்து. அதே எண்களில் சோதிப்போம். முதலாளி சொந்தச் சரக்குக்குத்தான் போவார் என்று பேங்க் முன்கூட்டியே சந்தேகிக்கிறது. கெட்ட வருடம் 4 கோடிதான் வரும். சராசரியாக 9 கோடி வர வேண்டுமென்றால் நல்ல வருடத்தில் 14 கோடி வாங்கியாக வேண்டும். சரி, கட்ட வேண்டியது 14 கோடி என்று எழுதிக்கொள்கிறது.

இப்போது முதலாளி ஜாப் ஒர்க் செய்தால்? நல்ல வருடத்தில்கூட 11 கோடிதான், அத்தனையும் பேங்க்குக்கு. அவருக்கு எப்போதும் பூஜ்யம். சொந்தச் சரக்கில் பலித்தால் ஒரு கோடியாவது மிஞ்சும். யோக்கியமாக ஜாப் ஒர்க் செய்யலாம் என்று வந்த ஆளையும் பேங்க்கின் வட்டியே சூதாட்டத்துக்குத் தள்ளிவிட்டது. சந்தேகம் தன்னைத்தானே நிஜமாக்கிக்கொண்டது.

அதனால் அனுபவமுள்ள பேங்க் வட்டியை ஓரளவுக்கு மேல் ஏற்றாது. 'இதற்கு மேல் கடன் கிடையாது' என்று நிறுத்திக்கொள்ளும், இல்லாவிட்டால் முதலாளியின் கையைக் கட்டும். சரக்கை ஈடாகக் காட்டிப் பணம் எடுக்கும் சி.சி. கணக்கு வைத்திருப்பவர்களுக்கு எரிச்சலூட்டும் சடங்குகள் எல்லாம் இந்த வகைதான். மாதாமாதம் ஸ்டாக் ஸ்டேட்மெண்ட் கேட்பது, ஸ்டாக்கின் மதிப்பில் ஒரு பங்கை மார்ஜினாகக் கழித்துவிட்டு மீதிக்குத்தான் பணம் எடுக்கும் வரம்பான டிராயிங் பவர் தருவது, வாடிக்கையாளரிடமிருந்து வராத பழைய பாக்கியைக் கணக்கில் சேர்க்க மறுப்பது, வேறு தொழிலில் இறங்க முன் அனுமதி கேட்பது. எழுத்து வேலை என்று நாம் நினைக்கும் இவற்றின் நோக்கம் ஒன்றுதான்: கடன் கொடுத்த பிறகு தொழிலின் ஆட்டம் கூடாமல் பார்த்துக்கொள்வது. கடனை ஒரு வருடத்துக்கு மட்டும் கொடுத்துப் புதுப்பிப்பதும் அப்படித்தான், எக்ஸ்பைரியைக் குறுக்கினால் ஆப்ஷனின் மதிப்பு சுருங்கும்.

நம் டேனரியில் இது எங்கே கண்ணில் படும்? ஸ்டாக் ஸ்டேட்மெண்டில்தான். பல வாடிக்கையாளரின் தோலாகப் பிரிந்திருந்த கையிருப்பு, ஒரே நிறம், ஒரே ரகமாகக் குவியத் தொடங்கும். ஜாப் ஒர்க் கூலி வரவு குறையும். சரக்கு இருக்கும், அதற்கு எதிரே, வாங்குபவரின் பேங்க் தரும் உத்தரவாதமான எல்.சி.யோ உறுதியான ஆர்டரோ இருக்காது. பட்டியலிட்ட கம்பெனியாக இருந்தால் வெளியிலிருந்தே தெரியும் ஓர் அடையாளம் உண்டு. ஒரு பெரிய திட்டத்தை அறிவித்த உடனே பங்கு விலை ஏறி, அதே சமயத்தில் கடனுக்கான ரேட்டிங் இறங்கினால், கம்பெனி புதிதாக மதிப்பு எதையும் உருவாக்காமல் ஒரு பையிலிருந்து இன்னொரு பைக்கு மாற்றுகிறதோ என்று சந்தேகிக்க இடமுண்டு.

## வீட்டுப் பத்திரம் பேங்க்கில் இருந்தால்

இதுவரை சொன்னதைப் படிக்கும் வேலூர்க்காரர் ஒருவர் இந்நேரம் கேட்டிருப்பார்: எந்த பேங்க் சார் வெறும் கம்பெனிக் கையெழுத்தை நம்பி 9 கோடி கொடுக்கிறது? டைரக்டரின் பர்சனல் கேரண்டி வாங்காமல், வீட்டுப் பத்திரத்தை வாங்கி வைக்காமல் கொடுக்குமா?

நியாயமான கேள்வி. கேரண்டி கொடுத்தவரின் பொறுப்பு கடன் வாங்கியவரின் பொறுப்புக்குச் சமம் என்று 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் 128ஆம் பிரிவில் சொல்கிறது. திவால் சட்டத்தில் கம்பெனிக் கடனுக்குக் கேரண்டி கொடுத்த தனிநபர்களுக்கான பகுதி 2019 டிசம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அது செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2021 மே மாதம் தீர்ப்பளித்தது. கேரண்டி கொடுத்த நொடியில் 'லிமிடெட்' என்ற வார்த்தையின் பாதுகாப்பில் ஒரு பகுதி போய்விடுகிறது. பேங்க் விற்ற புட் ஆப்ஷனில் ஒரு துண்டைத் திரும்ப வாங்கிக்கொண்டது என்றும் சொல்லலாம்.

ஆனால் எவ்வளவு பெரிய துண்டு என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. முதலாளியின் வீடு 2 கோடி பெறும் என்று வைப்போம். சொந்தச் சரக்கு பலிக்காவிட்டால் பேங்க் டேனரியின் 4 கோடியோடு வீட்டையும் எடுத்துக்கொள்ளும். முதலாளியின் கணக்கு: பலித்தால் 6 கோடி லாபம், பலிக்காவிட்டால் 2 கோடி நஷ்டம், சராசரி 2 கோடி. ஜாப் ஒர்க்கின் 1.25 கோடியைவிட இன்னும் அதிகம்! வீட்டையே அடகு வைத்த பிறகும் கணக்கு அவரை ஊகத்தின் பக்கமே தள்ளுகிறது. வீட்டின் மதிப்பு 3.5 கோடியைத் தொட்டால்தான் தராசு சமமாகும், அதற்கு மேல் போனால் ஜாப் ஒர்க் பக்கம் சாயும்.

கேரண்டி வாங்கிவிட்டோம் என்று பேங்க் நிம்மதியாக இருப்பது எப்போது சரி, எப்போது தவறு என்பதை இந்த 3.5 சொல்கிறது. கேட்க வேண்டியது வீடு எவ்வளவு பெறும் என்பது மட்டுமல்ல. கெட்ட முடிவில் கடனுக்கும் சொத்துக்கும் இடையே விழும் பள்ளத்தில் எத்தனை பங்கை வீடு நிரப்பும் என்பதே கேள்வி.

பார்ட்னர்ஷிப்பாக நடக்கும் டேனரிகளின் நிலை வேறு. 1932ஆம் ஆண்டின் கூட்டு வணிகச் சட்டப்படி ஒவ்வொரு பார்ட்னரும் மொத்தக் கடனுக்கும் சொந்தச் சொத்துவரை பொறுப்பு. கடனை அடைக்கும் அளவுக்கு அவர்களுக்குச் சொந்தச் சொத்து இருக்கும்வரை அங்கே ஆப்ஷன் என்று ஒன்று இல்லை. அதே ஆள், அதே தொழில், பிரைவேட் லிமிடெட்டாக மாறியதும் புதிதாக ஒரு ஆப்ஷன் கையில் வந்துவிடுகிறது.

## கையெழுத்துப் போடாமல் கடன் கொடுத்தவர்கள்

பேங்க்காவது ஸ்டேட்மெண்ட் கேட்கலாம், மார்ஜின் வைக்கலாம், கேரண்டி வாங்கலாம். கம்பெனி பாக்கி வைத்திருக்கும் எல்லோருக்கும் அந்த வசதி கிடையாது. பழைய வட ஆற்காடு மாவட்டத்தைப் போல இதற்குத் தெளிவான உதாரணம் தமிழ்நாட்டில் குறைவு.

டேனரிக் கழிவுநீர் கிணறுகளையும் பாலாற்றையும் கெடுத்த வழக்கில், உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்புச் சொன்னது. மாசுபடுத்தியவரே ஈடு கட்ட வேண்டும் என்ற கொள்கையை இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று ஏற்று, பாதிக்கப்பட்டவர்களைக் கண்டறிந்து இழப்பீடு வசூலித்துத் தர ஓர் ஆணையம் அமைக்கச் சொன்னது. நம் கண்ணோட்டத்தில் பார்த்தால், கிணறு கெட்ட விவசாயியும் கம்பெனிக்குக் கடன் கொடுத்தவர்தான். D-யில் அவருடைய தொகையும் சேர வேண்டும். ஆனால் அவர் வட்டி பேசவில்லை, அடமானம் வாங்கவில்லை, புதுப்பிக்க மறுக்கவும் முடியாது.

சுத்திகரிப்புக்குச் செலவு செய்வது முதலாளிக்கு நிச்சயமான நஷ்டம். செய்யாமல் விடுவது ஓர் ஊகம். பிடிபடாவிட்டால் செலவு மிச்சம். பிடிபட்டு ஈடு பெரிதாக வந்தால் கம்பெனியின் சொத்துவரைதான் போகும். ராணிப்பேட்டையில் மூடப்பட்ட ஒரு ரசாயன ஆலை விட்டுச்சென்ற குரோமியக் கழிவு மேடு, ஆலை நின்று பல ஆண்டுகள் கழித்தும் அரசின் தலையில் இருந்தது. கம்பெனிக்கு எக்ஸ்பைரி உண்டு, குரோமியத்துக்கு இல்லை. பேங்க்குக்கு ஸ்டாக் ஸ்டேட்மெண்ட் செய்யும் வேலையைத்தான் இங்கே கழிவுநீர் அளவுகளும், இயங்குவதற்கான ஒப்புதலும், பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் சேரவோ சொந்தமாக ஒன்று வைக்கவோ வேண்டிய கட்டாயமும் செய்கின்றன. கேட்க முடியாத, கடன் கொடுத்தவருக்காக அரசு போடும் நிபந்தனைகள் இவை.

## இந்தக் கணக்கு எங்கே பொருந்தாது

ஆப்ஷன் பார்வை எல்லா முதலாளிகளையும் விளக்கிவிடும் என்று நினைத்தால் தவறு. மூன்று இடங்களில் அது பலவீனமாகிறது.

1. கடன் குறைவாக இருக்கும்போது. சொத்து 10 கோடி, கடன் 1 கோடி என்றால் பங்கு என்பது ஏறக்குறைய சொத்தேதான். ஆட்டத்தைக் கூட்டினாலும் கைமாற ஒன்றும் இல்லை. பெயரளவுக்கு ஆப்ஷன் என்று சொல்லலாம், நடத்தையில் வித்தியாசம் தெரியாது.

2. கொடுக்கல் வாங்கல் ஒரே ஒரு முறையோடு முடியாதபோது. வாணியம்பாடித் தோல் மண்டியில் நாளைக்கும் கடனுக்குச் சரக்கு எடுக்க வேண்டியவர், இன்றைக்குச் சாவியைக் கொடுத்துவிட்டு ஒதுங்கினால் பேர் கெட்டுவிடும். அந்தப் பேருக்கு ஒரு விலை உண்டு, நம் வாய்பாட்டில் அது இல்லை. கம்பெனி நிச்சயமாக மூடப்போகிறது என்று தெரிந்த பிறகு அந்த விலையும் இறங்கிவிடும். கடைசிக் கட்டத்தில் சபலம் கூடுவது அதனால்தான்.

3. பங்குதாரரும் நிர்வாகியும் வேறு வேறாக இருக்கும்போது. பங்குதாரர் பத்து கம்பெனியில் பணம் போட்டிருப்பார், ஒன்று போனால் தாங்குவார். சம்பள மேனேஜருக்கு இருப்பது ஒரே வேலை. அவர் பங்குதாரர் விரும்புவதைவிட நிதானமாகத்தான் நடப்பார். அவருக்கே பங்கு ஆப்ஷன்களைச் சம்பளமாகக் கொடுத்தால், அவரும் பங்குதாரரைப் போல ஆட்டத்தை விரும்பத் தொடங்குவார்.

இன்னொரு நடைமுறைச் சிக்கலும் உண்டு. சொத்து மதிப்பு V என்று எளிதாக எழுதிவிட்டோம். பட்டியலிடாத ஒரு டேனரியின் V-ஐ யாரும் தினமும் பார்க்க முடியாது. அது முதலாளிக்கு ஓரளவு தெரியும், பேங்க்குக்கு ஆடிட்டர் கணக்கு வந்த பிறகு, அதுவும் பழைய விலையில் தெரியும். கோட்டைத் தாண்டிவிட்டோம் என்பது முதலாளிக்கு ஏப்ரலிலேயே தெரிந்திருக்கும், பேங்க்குக்கு அடுத்த வருட ஆடிட் கணக்கில்தான் தெரியும். ஆப்ஷன் வைத்திருப்பவருக்கு இந்த இடைவெளிதான் அதிகம் பயன்படுகிறது. மாத ஸ்டாக் ஸ்டேட்மெண்டை ஆடிட் அறிக்கையைவிடக் கூர்ந்து படிக்க வேண்டியிருப்பதும் அதனால்தான்.